“Tested ok”: இரண்டு வரி கமிட் மெசேஜ் ஒன்றைப் பற்றி

புத்தக விமர்சனம் எழுதலாம், சினிமா விமர்சனம் எழுதலாம். ஒரு கமிட் மெசேஜுக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்டால், நான் எழுதப் போகிறேன். எழுதியவனும் நான்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிட் பயன்படுத்தாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம்: நிரலில் ஒரு மாற்றம் செய்து சேமிக்கும்போது, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று கூடவே ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். அதுதான் கமிட் மெசேஜ். நான் 2021 மார்ச்சில் எழுதியது இது:

```
fix tamil issue in log parser

Tamil text was not coming in report. Fixed. Tested ok.
```

பார்த்தால் ஒன்றும் குறை தெரியாது. இதைவிட மோசமாக, வெறும் "fix" என்று மட்டும் எழுதியவர்களும் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வருஷம் நவம்பரில் இந்த இரண்டு வரிக்குள் எத்தனை பொய் இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டிய நிலை வந்தது.

லாக் எங்கிருந்து வந்தது

எனக்கு வீடு மத்திகிரியில். ஓசூரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன மெஷின் ஷாப்களுக்கு சிஎன்சி இயந்திரங்களிலிருந்து தகவல் எடுத்து ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது அப்போது என் வேலை. சம்பந்தப்பட்ட கம்பெனியின் பெயர் வேண்டாம். இயந்திரம் அனுப்பும் அலாரம் செய்திகள் ஒரு பக்கம், ஆபரேட்டர்கள் டேப்லெட்டில் தட்டும் குறிப்புகள் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே லாக் கோப்பில் வந்து விழும். என் பார்சர் ஒவ்வொரு வரியையும் நேரம், இயந்திரம், வகை, செய்தி என்று நான்காக உடைத்து டேட்டாபேஸில் போடும். 2020 டிசம்பரில் அதை ஷாப்பில் வைத்தோம்.

இந்த எல்லைப்பக்கத்து ஷாப்பில் ஒரு ஷிஃப்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும். வடக்கிலிருந்து வந்தவர்கள் இந்தியும் ஒடியாவும் பேசுவார்கள். பாதிப் பேர் "tool chg" என்று ஆங்கிலச் சுருக்கத்தில் தட்டுவார்கள், மீதிப் பேர் அவரவர் எழுத்தில். மார்ச்சில் சூப்பர்வைசர் போன் பண்ணினார். "சார், தமிழ்ல எழுதினா ரிப்போர்ட்ல வரவே மாட்டேங்குது, என்னான்னு பாருங்க." பார்த்தேன், அரை மணி நேரத்தில் சரிபண்ணினேன், மேலே உள்ள மெசேஜை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முதல் பொய்: "தமிழ்"

தப்பு இருந்த இடம் இவ்வளவுதான்:

```c
char *p = line;
while (*p >= ' ' && n < MAX)
    out[n++] = *p++;
```

வரி முடியும் இடத்தில் இருக்கும் நியூலைனின் எண் 10, இடைவெளியின் எண் 32. ஆகவே "இடைவெளியைவிடச் சின்ன எழுத்து வந்தால் நில்" என்று எழுதினால் வரி முடிவில் நிற்கும் என்பது என் கணக்கு. ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் x86 கணினியில் லினக்ஸின் கீழ் `char` என்பது சைன்டு, அதாவது கழித்தல் குறியையும் ஏற்கும் எண். 127 வரைதான் கூட்டல் பக்கம், 128-லிருந்து 255 வரை உள்ள பைட்டுகள் எல்லாம் கழித்தல் பக்கம் போய்விடும்.

"சத்தம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8 முறையில் "ச" மூன்று பைட்: E0, AE, 9A. முதல் பைட்டான E0 என்பது 224. சைன்டு கணக்கில் அதுவே -32. 32-ஐவிட -32 சின்னது. பார்சர் "வரி முடிந்துவிட்டது" என்று முடிவு செய்து நின்றுவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துகள் எல்லாமே E0-வில்தான் தொடங்கும். கன்னடமும் அப்படித்தான், தெலுங்கும் தேவநாகரியும் ஒடியாவும் அப்படித்தான். ஷாப்பில் இருந்த ஐந்து மொழியும் ஒரே பைட்டில் வெட்டுப்பட்டன. எனக்குப் போன் பண்ணியவர் தமிழர், அதனால் மெசேஜில் "தமிழ்" என்று எழுதினேன். கன்னடத்தில் குறிப்பு எழுதியவர் என்னிடம் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மொழிகளோடு இது முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இயந்திரம் அனுப்பும் அலாரம் வரி ஒன்று இப்படி இருக்கும்:

```
SPINDLE TEMP 82°C LIMIT 75
```

முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் டிகிரிக் குறி ASCII-இல் இல்லை. அந்த இயந்திரம் அதை B0 என்ற ஒரே பைட்டாக அனுப்பியது. B0 என்றால் 176, சைன்டு கணக்கில் -80. பார்சர் அங்கேயும் நின்றது. டேட்டாபேஸில் போய் உட்கார்ந்தது `SPINDLE TEMP 82` மட்டும். எல்லை 75 என்பதும் அதைத் தாண்டிவிட்டது என்பதும் போச்சு. இந்த வரியைத்தான் நான் ரொம்பப் பயங்கரமானது என்று சொல்வேன். தமிழ்க் குறிப்பு வெறுமையாக வந்தால் யாராவது ஒருநாள் கேட்பார்கள். "SPINDLE TEMP 82" என்பது பார்ப்பதற்கு முழு வரி மாதிரியே இருக்கிறது. சாதாரண வெப்ப அளவு என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். என் ரிப்போர்ட் "LIMIT" என்ற சொல் உள்ள வரிகளைத்தான் அலாரம் என்று எண்ணியது. அதனால் அலாரம் எண்ணிக்கை பூஜ்யம்.

"தமிழ்ப் பிரச்சினை" என்ற தலைப்பைப் பார்க்கும் பராமரிப்புக்காரர் என்ன நினைப்பார்? ஏதோ எழுத்துரு தகராறு, நம்ம அலாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றுதான். முதலில் புகார் சொன்னவரின் பெயரையே நோய்க்கு வைத்தது என் தவறு.

இரண்டாவது: "Tested ok"

எங்கே சோதித்தேன்? இதுதான் கூச்சமான பகுதி. பார்சரை நான் வீட்டில் ஒரு ஏஆர்எம் போர்டில் எழுதினேன். டிசம்பரிலேயே தமிழ் வரி கொடுத்துச் சோதித்தேன், அழகாக வந்தது. காரணம், ஏஆர்எம் லினக்ஸில் `char` அன்சைன்டு. அங்கே E0 என்றால் 224-தான், கழித்தல் பக்கம் போகாது. ஷாப்பில் வைத்தது x86 மினி பிசி. ஒரே நிரல், ஒரே கம்பைலர், இரண்டு விடை. சி மொழியின் தரநிலை இதைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருப்பதால், இரண்டுமே சட்டப்படி சரியான விடைகள்.

திருத்தம் ஒரு சொல்தான்:

```c
while ((unsigned char)*p >= ' ' && n < MAX)
```

"டிஃப்பைப் பார்த்தாலே தெரியுமே, மெசேஜ் எதுக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். டிஃப்பில் இந்த மாற்றம் தெரியும். டிசம்பர் சோதனை ஏன் பிடிக்கவில்லை என்பது தெரியாது. அது தெரியாவிட்டால் அடுத்தவர் மறுபடி ஏஆர்எம் போர்டில் சோதித்து மறுபடி "ஓகே" என்று எழுதுவார். எந்த இயந்திரத்தில் சோதித்தோம் என்பது இல்லாத "ஓகே"வுக்கு மதிப்பு கிடையாது.

இதே `char` தகராறில் லினக்ஸ் கர்னலே மாட்டியிருக்கிறது. x86-இல் ஒரு மாதிரி, ஏஆர்எம்மில் ஒரு மாதிரி என்று பல வருஷம் ஓடிவிட்டு, 6.2 பதிப்பில்தான் எல்லா இடத்திலும் அன்சைன்டு என்று `-funsigned-char` மூலம் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் செய்த ஜேசன் டோனன்ஃபெல்டின் கமிட் மெசேஜில் இந்தப் பிரச்சினை எப்படிக் கண்ணில் பட்டது என்பது இருக்கிறது: ஏஆர்எம்மில் ஒரு டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்றதிலிருந்து கதை தொடங்குகிறது. காரணம் சொல்லும் மெசேஜ் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு நல்ல மெசேஜ், அதிலும் இல்லாத ஒன்று

கமிட் மெசேஜ் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சர்வீஸ் குழுவில் டான் கார்லி எழுதியது. டேவிட் தாம்சன் 2019-இல் தனக்கு மிகப் பிடித்த கமிட் என்று அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அங்கேயும் விஷயம் நம்முடையதுதான்: ஒரு டெம்ப்ளேட் கோப்பில் ASCII அல்லாத ஒரே ஓர் எழுத்து, பார்ப்பதற்கு இடைவெளி மாதிரியே இருந்தது. மாற்றம் ஒரே எழுத்து. மெசேஜோ பல பத்தி. வந்த பிழைச் செய்தி, எந்தக் கட்டளையில் ஓட்டினால் வந்தது, எதில் ஓட்டினால் வரவில்லை, எழுத்தை எப்படித் தேடிப் பிடித்தார், எல்லாமே இருக்கிறது. அந்தப் பிழைச் செய்தியைத் தேடும் அடுத்தவருக்கு அது நேராகக் கையில் கிடைக்கும்.

அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மெசேஜ் வெட்கப்பட வேண்டியது. ஆனால் அந்த நல்ல மெசேஜை அப்படியே அச்சாக எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதாது என்று இப்போது நினைக்கிறேன். டான் கார்லியின் பிழை சத்தம் போடும் பிழை. சோதனை தோற்றது, வேலை நின்றது, எழுத்தை மாற்றியதும் கதை முடிந்தது. அந்த எழுத்து கெடுத்துவைத்த பழைய தகவல் என்று எதுவும் மிஞ்சவில்லை. என் பார்சர் சத்தமே போடவில்லை. மூன்று மாதம் அமைதியாக வரிகளை வெட்டி, வெட்டியதை டேட்டாபேஸில் அடுக்கியது. திருத்தம் நாளைய வரிகளைத்தான் காப்பாற்றும். நேற்றைய வரிகள் வெட்டுப்பட்டபடியே இருக்கும், அவற்றின் மேல் "இது அரைகுறை" என்று எந்த முத்திரையும் கிடையாது. அதை எழுதிவைக்க மெசேஜைவிட்டால் வேறு இடம் இல்லை.

மூன்றாவது: "Fixed"

மூல லாக் கோப்புகள் ஷாப் கணினியில் 30 நாள் இருக்கும், பிறகு logrotate அழித்துவிடும். டேட்டாபேஸ் வருஷக்கணக்கில் இருக்கும். அப்படியானால் நான் "Fixed" என்று எழுதிய அன்று கடைசி 30 நாள் மூல வரிகள் முழுசாக என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. புதுப் பார்சரை அவற்றின் மேல் ஒருமுறை ஓட்டியிருந்தால் பிப்ரவரியின் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும். பாதிப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு கட்டளை போதும்:

```
LC_ALL=C grep -a -c -P '[\x80-\xFF]' raw.log
```

ASCII-க்கு வெளியே ஒரு பைட்டாவது உள்ள வரிகள் எத்தனை என்று சொல்லிவிடும். நான் ஓட்டவில்லை. ஓட்ட வேண்டும் என்று யாருக்கும் எழுதியும் வைக்கவில்லை.

மூன்றே நாளில் இன்னொரு போன். ரிப்போர்ட்டே வரவில்லை. இதுவரை வெட்டுப்பட்ட B0 பைட் இப்போது முழுசாக உள்ளே வந்தது. அடுத்த கட்டத்தில் இருந்த பைத்தான் நிரல் எல்லாம் யூடிஎஃப்-8 என்று நம்பி, தனியாக வந்த B0-வைப் பார்த்து `UnicodeDecodeError` என்று விழுந்தது. ஒரே கோப்பில் ஆபரேட்டர் குறிப்பு ஒரு முறையிலும் இயந்திரச் செய்தி வேறு முறையிலும் இருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். அவசரத்தில் `errors="ignore"` போட்டேன். அதுவும் புரியாத பைட்டைச் சொல்லாமல் விழுங்கும் வேலைதான், பழைய குற்றத்தின் சின்னத் தம்பி. `backslashreplace` போட்டிருந்தால் அந்த இடத்தில் `\xb0` என்று தெரிந்திருக்கும், ஏதோ வந்தது என்ற தடயமாவது மிஞ்சியிருக்கும்.

நவம்பர்

ஏழாம் நம்பர் இயந்திரத்தின் ஸ்பிண்டில் நவம்பரில் பேரிங் பிடித்து நின்றது. பிப்ரவரியில் ஒருமுறை நின்று சரிபண்ணிய அதே ஸ்பிண்டில். செலவு பெரியது, ஆகவே பழைய கதையைத் தோண்டினார்கள். பிப்ரவரியில் நிற்பதற்கு முன்னால் இயந்திரம் ஏதாவது சொன்னதா, ஆபரேட்டர் ஏதாவது எழுதினாரா? ரிப்போர்ட்டில் அலாரம் பூஜ்யம். குறிப்புப் பகுதியில் அந்த ஷிஃப்டுக்கு மூன்று NOTE வரி, இரண்டு வெறுமை, மூன்றாவதில் "m/c" மட்டும்.

அந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்கும்போது நானும் அறையில் இருந்தேன். "சத்தம் வருதுன்னு எழுதினேன் சார், ரெண்டு வாட்டி எழுதினேன்." மேனேஜர் திரையைக் காட்டினார். "எங்கப்பா எழுதின? சும்மா சேவ் அமுக்கியிருக்க." அவர் என்னைப் பார்த்தார். ரிப்போர்ட் போட்டவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் மாசம் நான் சரிபண்ணிய பிழை என்று உடனே எனக்கு உறைத்தது என்று சொல்ல ஆசை. உறைக்கவில்லை. எட்டு மாதம் ஆகியிருந்தது. கிட் வரலாற்றில் "spindle", "alarm", "truncate" என்றெல்லாம் தேடினேன். என் மெசேஜில் அந்தச் சொல் எதுவும் இல்லை. அன்று ராத்திரி பார்சர் கோப்பின் மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் `(unsigned char)` கண்ணில் பட்டது.

மூல லாக் ஏப்ரலிலேயே அழிந்துவிட்டது. ஆனால் வெட்டுக்கு ஒரு தழும்பு உண்டு. டேப்லெட் செயலி வெறும் குறிப்பைச் சேமிக்க விடாது, ஓர் எழுத்தாவது தட்டினால்தான் சேவ் பட்டன் வேலை செய்யும். அப்படியானால் டேட்டாபேஸில் உள்ள வெறும் NOTE, ஆங்கிலம் அல்லாத எழுத்தில் தொடங்கிய குறிப்பு. அடுத்து அந்த "m/c" வரியின் நீளத்தை எண்ணிப் பார்த்தேன். மூன்று எழுத்துக்கு நான்கு என்று வந்தது. கடைசியில் ஓர் இடைவெளி. ஆங்கிலச் சுருக்கம், ஓர் இடைவெளி, பிறகு தமிழ்ச் சொல், அதன் முதல் பைட்டில் வெட்டு. இதே தழும்பு டிசம்பரிலிருந்து மார்ச் வரை மற்ற இயந்திரங்களின் குறிப்பிலும் இருந்தது, திருத்தம் போட்ட தேதிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. "SPINDLE TEMP 82" வரியும் பிப்ரவரியில் கிடைத்தது. அந்த இயந்திரம் வெப்பநிலையை எல்லை தாண்டினால் மட்டுமே அனுப்பும், ஆகவே அதுவும் ஓர் அலாரம்தான்.

மறுநாள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். ஆபரேட்டர் என்ன எழுதினார் என்பதை என்னால் மீட்க முடியவில்லை. எழுதினார் என்பதை மட்டும் நிறுவ முடிந்தது. மேனேஜர் படித்துவிட்டு, "இத மார்ச்லயே சொல்லியிருந்தா அவன நாம கூப்பிட்டே இருக்க வேண்டாமே" என்றார். சரிதான்.

எழுதியிருக்க வேண்டியது

கிட்டில் மெசேஜை யூடிஎஃப்-8 தமிழிலேயே எழுதலாம், அது எங்கும் வெட்டாது. இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

```
பார்சர்: ASCII அல்லாத முதல் பைட்டில் வரி வெட்டுப்பட்டது

x86-இல் char சைன்டு. 0x80-உம் அதற்கு மேலும் உள்ள பைட்
கழித்தல் எண்ணாகி, (*p >= ' ') அங்கேயே நின்றது.
ARM-இல் char அன்சைன்டு; வீட்டுச் சோதனையில் தெரியவில்லை.
இம்முறை ஷாப்பின் x86 கணினியில் சோதித்தது.

எந்த மொழிக் குறிப்பும், ° உள்ள ஆங்கில அலாரமும்
வெட்டுப்பட்டிருக்கும். பிழைச் செய்தி வராது.

பழைய டேட்டாபேஸ் வரிகள் திருந்தவில்லை. மூல லாக்
30 நாள்தான் இருக்கும்; அதற்குள் மறுபடி ஓட்டவும்.
இந்தத் தேதிக்கு முந்தைய வெறும் NOTE என்றால்
"ஆபரேட்டர் எழுதவில்லை" என்று பொருள் இல்லை.
```

இதை எழுதப் பத்து நிமிஷம் ஆனது. கடைசி இரண்டு வரியை எழுத எட்டு மாதம்.